பிடித்த டிரெஞ்சைத் தாண்டிப் போக முடியாதது ஏன்? முதல் உலகப் போர், மேற்கு முனை

கதிர்வேல்

நண்பர்களுக்கு வணக்கம். ரொம்ப நாளா எனக்குள்ள இருக்கிற கேள்வி இது. 1914 நவம்பர்ல சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து பெல்ஜியம் கடற்கரை வரைக்கும் ஏறக்குறைய 700 கிலோமீட்டருக்கு டிரெஞ்ச் வெட்டி ரெண்டு பக்கமும் உட்கார்ந்துட்டாங்க. 1918 வசந்த காலம் வரைக்கும் அந்தக் கோடு பெருசா நகரவே இல்லை. இது எல்லாப் புத்தகத்திலயும் இருக்கு.

எனக்குப் புரியாதது வேற. ஒவ்வொரு சண்டையையும் தனித்தனியாப் படிச்சா, தாக்கினவங்க முதல் டிரெஞ்சைப் பல தடவை பிடிச்சிருக்காங்க. சில இடத்துல ஒரு மணி நேரத்துக்குள்ளயே பிடிச்சிருக்காங்க. அப்போ "தாண்டவே முடியாத அரண்"னு சொல்றது சரியில்லையே? பிடிச்ச பிறகு என்னதான் ஆச்சு? அங்கேயே ஏன் நின்னாங்க?

தஞ்சை மாறன்

இதுல யோசிக்க என்ன இருக்கு கதிர்? மெஷின் கன். நிமிஷத்துக்கு 500 குண்டு சுடுற துப்பாக்கிக்கு முன்னால ஆயிரக்கணக்கான பேரை நேரா நடந்து போகச் சொன்னா என்ன ஆகும்? குதிரைப்படைக் காலத்துல வளர்ந்த ஜெனரலுங்க, 30 கிலோமீட்டர் பின்னால மாளிகையில உட்கார்ந்துக்கிட்டு அதே கட்டளையத் திரும்பத் திரும்பக் கொடுத்தாங்க. சோம்ல 1916 ஜூலை 1, ஒரே நாள்ல பிரிட்டிஷ் பக்கம் 57,000க்கு மேல சேதம், அதுல 19,000 பேர் சாவு. நாலு வருஷம் இழுத்ததுக்கு இதுதான் காரணம்.

ஓய்வுபெற்ற கன்னர்

மாறன் தம்பி சொல்வதில் பாதி சரி. முதல் வரிசையை நோக்கி ஓடுபவனைக் கொன்றது பெரும்பாலும் இயந்திரத் துப்பாக்கிதான். ஆனால் அந்தப் போரில் அதிகம் பேரைக் கொன்றதும் காயப்படுத்தியதும் பீரங்கி. கதிர் கேட்டிருப்பதற்கு இயந்திரத் துப்பாக்கி பதிலும் ஆகாது. முதல் வரிசையைப் பிடித்த பிறகு நின்று போனது ஏன் என்பதுதான் அவர் கேள்வி. நான் பீரங்கிப் படையில் சர்வேப் பிரிவில் இருந்தவன். அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் தொடக்கம். டிரெஞ்ச் போர் நடத்த வேண்டும் என்று யாரும் திட்டம் போட்டு இறங்கவில்லை. 1914 செப்டம்பரில் மார்ன் ஆற்றங்கரையில் தடுக்கப்பட்ட ஜெர்மானியர், வடக்கே பின்வாங்கி எய்ன் என்ற ஆற்றுக்கு அப்பால் இருக்கும் மேட்டில் ஏறிக் குழி வெட்டினார்கள். செப்டம்பர் நடுவில் பிரெஞ்சுக்காரரும் பிரிட்டிஷாரும் அந்த மேட்டை முட்டிப் பார்த்தார்கள், முடியவில்லை. அவர்களும் எதிரே வெட்டினார்கள். அப்போது அவை தொடர்ச்சியான டிரெஞ்சுகள் அல்ல. ஆள் படுக்கிற அளவுக்குத் தனித்தனிக் குழிகள், பிறகுதான் ஒன்றோடொன்று இணைத்தார்கள்.

நேராகப் போக முடியாவிட்டால் பக்கவாட்டில் சுற்று என்பது பழைய விதி. இருவரும் வடமேற்கே மற்றவரின் பக்கவாட்டைச் சுற்றப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் எதிரி அங்கே வந்து நின்றான், கோடு நீண்டுகொண்டே போனது. அக்டோபரில் கடலே வந்துவிட்டது. பெல்ஜியர்கள் நியூபோர்ட் மதகுகளைத் திறந்து கடல்நீரை உள்ளே விட்டு, இசர் ஆற்றுப் பகுதியை வெள்ளக்காடாக்கி வட ஓரத்தை மூடினார்கள். நவம்பரில் ஈப்ர் சண்டை ஓய்ந்தபோது சுற்றிப் போக ஒரு முனையும் மிச்சமில்லை. இனி நேராக முட்டித்தான் ஆக வேண்டும்.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முட்டி உள்ளே புகுவது வேறு, புகுந்து மறுபக்கம் வெளியே வருவது வேறு. முதலாவது 1915லேயே முடிந்தது. இரண்டாவதற்கு நாளை ஒரு சண்டையை மணிக்கணக்குப்படி எழுதுகிறேன்.

செல்வராணி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் கொள்ளுத்தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் இருந்தவர். மெசபடோமியாவில், டைகிரிஸ் ஆற்றங்கரையில் டிரெஞ்ச் வெட்டியதாகப் பாட்டி சொல்வார். வீட்டில் ஒரு பதக்கம் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் பிரான்சைப் பற்றியே பேசுகிறீர்கள். பாலைவனம் மாதிரி திறந்த நிலம், அங்கே ஏன் டிரெஞ்ச் வெட்டினார்கள்? சுற்றிக்கொண்டு போயிருக்கலாமே? பதக்கத்தை வைத்து அவர் எந்தக் கம்பெனி என்று கண்டுபிடிக்க வழி இருந்தாலும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கன்னர்

செல்வராணி அம்மா, பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். எண், பெயர், படைப்பிரிவு மூன்றும் அங்கே பொறித்திருக்கும். அதை வைத்துத் தேடலாம்.

உங்கள் கேள்வி இந்த இழைக்கு வெளியே இல்லை. மெசபடோமியாவில் சுற்றிப் போக முடிந்த இடங்களில் சுற்றித்தான் போனார்கள். 1915 செப்டம்பரில் கூட் ஊருக்கு முன்னால் துருக்கியர் வலுவான டிரெஞ்சில் இருந்தார்கள். பிரிட்டிஷ் தளபதி டவுன்ஷெண்ட் ஒரு பக்கம் பாவனைக்குத் தாக்கிவிட்டு, இரவில் படையை மறுபக்கம் நகர்த்தி, சதுப்புகளுக்கு நடுவே புகுந்து பின்னால் போய்விட்டார். அதே ஆற்றில் சில மாதம் கழித்து ஹன்னா என்ற இடத்தில் ஒரு பக்கம் டைகிரிஸ், மறுபக்கம் பெரிய சதுப்பு, நடுவே ஒடுக்கமான நிலம். சுற்ற வழியில்லை. 1916 ஜனவரி 21 அன்று நேராகத் தாக்கினார்கள், பிரான்சில் நடந்தது அப்படியே நடந்தது. அதே துப்பாக்கி, அதே குழி. பக்கவாட்டு இருந்ததா இல்லையா என்பதுதான் முடிவை மாற்றியது.

தஞ்சை மாறன்

கன்னர் ஐயா, அப்படின்னா கிழக்கு முனையில? ரஷ்யாவுக்கும் ஜெர்மனிக்கும் நடுவுலயும் டிரெஞ்ச் இருந்துச்சே. 1915 மே மாசம் கோர்லிட்சேல உடைச்சுக்கிட்டுப் போனாங்களே. அப்போ திறமையான ஜெனரல் இருந்தா முடியும்தானே?

ஓய்வுபெற்ற கன்னர்

அங்கே கோடு மேற்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளம். அதைக் காக்க ஆளும் குறைவு, பீரங்கியும் குறைவு. உடைத்த இடத்துக்கு ரஷ்யர்கள் ஆள் கொண்டுவர வேண்டும் என்றால் ரயில் பாதையும் அரிது. திறமையை நான் மறுக்கவில்லை. அதே ஜெர்மானியப் படை அதே ஆண்டு மேற்கில் உடைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி சொன்ன சண்டை. நெவ் ஷாப்பெல், 1915 மார்ச் 10. பிரிட்டிஷார் தாமே திட்டமிட்டு டிரெஞ்ச் வரிசை ஒன்றை உடைக்கப் பார்த்த முதல் பெரிய முயற்சி. தாக்கியதில் பாதி இந்தியப் படை. மீரட் டிவிஷன் முன்னால், லாகூர் டிவிஷன் பின்னால்.

நன்றாகவே தயாரித்தார்கள். விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்களைச் சேர்த்து ஜெர்மானிய டிரெஞ்சுகளின் வரைபடம் போட்டுப் படைகளுக்குக் கொடுத்தார்கள். 340 பீரங்கிக்கு மேல், மிகக் குறுகிய முனைக்கு. காலை 7.30க்கு ஆரம்பித்து 35 நிமிடம் மட்டும் சுட்டார்கள். டிரெஞ்சின் ஒரு கெஜ நீளத்துக்கு ஏறக்குறைய 130 கிலோ எடை குண்டு விழுந்தது. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

8.05க்கு ஆட்கள் எழுந்தார்கள். நடுவில் முள்வேலி பிய்ந்து போயிருந்தது, எதிரே இருந்தவர்கள் திகைத்துப் போயிருந்தார்கள். ஒன்பது மணி வாக்கில் ஊர் கையில். அந்த இடத்தில் ஜெர்மானியருக்குப் பின்னால் முழுமையான இரண்டாவது வரிசையே அன்று கிடையாது. கொஞ்ச நேரத்துக்கு வழி திறந்தே கிடந்தது.

ஆனால் இரண்டு ஓரத்திலும் தவறு. இடது ஓரத்துக்குச் சுட வேண்டிய கனரக ஹோவிட்சர் பேட்டரிகள் இரண்டு இங்கிலாந்திலிருந்து முந்தின நாள்தான் வந்து சேர்ந்தன. இலக்கைச் சரிபார்த்து ஓரிரண்டு குண்டு போட்டுப் பார்க்க நேரமில்லை. விளைவு, சுமார் 400 கெஜ நீளத்துக்கு டிரெஞ்சும் வேலியும் சிதையாமல் நின்றன. அங்கே இருந்தது கொஞ்ச ஜெர்மானியரும் இயந்திரத் துப்பாக்கியும்தான். எதிரே வந்த இரண்டு படாலியன்களை அவர்கள் அழித்துவிட்டார்கள். வலது ஓரத்தில் 39வது கர்வால் ரைஃபிள்ஸின் முதல் படாலியன் திசை தவறிக் குண்டு விழாத பகுதியில் போய் மோதியது. அதே ரெஜிமென்ட்டின் இரண்டாவது படாலியனைச் சேர்ந்த கபர் சிங் நேகி அன்று காட்டிய வீரத்துக்கு இறந்த பிறகு விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

இப்போது கவனியுங்கள், கதிர். நடுவில் போனவர்கள் ஜெயித்துவிட்டார்கள். ஓரத்தில் நின்றவர்கள் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். இது பின்னால் இருக்கும் கோர் தளபதி ராலின்சனுக்கு எப்படித் தெரியும்? டெலிபோன் கம்பி குண்டு விழுந்து அறுந்து போயிற்று. ஓடிப்போய்ச் சொல்பவன் பாதி வழியில் விழுகிறான், இல்லை ஒரு மணி நேரம் கழித்து வருகிறான். அவன் சொல்வது ஒரு மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம். அதை நம்பிக் கட்டளை எழுதி, கோரிலிருந்து டிவிஷனுக்கு, அங்கிருந்து பிரிகேடுக்கு, பிறகு படாலியனுக்குப் போக வேண்டும். ஓரம் பிடிபடும் வரை நடுவில் உள்ளவர்கள் காத்திருந்தார்கள். ஓரம் பிடிபட்ட பிறகு அடுத்த முன்னேற்றக் கட்டளை வந்து, ஆட்கள் உண்மையில் கிளம்பியபோது மாலை ஐந்தரை. மார்ச் மாத ஃப்ளாண்டர்ஸில் அது இருட்டும் நேரம்.

அந்த எட்டு மணி நேரத்தில் ஜெர்மானியர் ஆள் கொண்டுவந்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் புது வரிசை வெட்டினார்கள். மறுநாள் மூடுபனி. புது வரிசை எங்கே இருக்கிறது என்று பீரங்கிக்குத் தெரியவில்லை. 12ஆம் தேதி விடியலில் ஜெர்மானியர் திருப்பித் தாக்கினார்கள், அவர்களும் நாசமானார்கள். 13ஆம் தேதி எல்லாம் முடிந்தது. கிடைத்தது சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழம். பிரிட்டிஷ், இந்திய சேதம் 11,000க்கு மேல். ஜெர்மானியருக்கும் அதைவிடச் சற்றுக் குறைவுதான்.

அதற்குப் பிறகு வந்த மூன்று ஆண்டுச் சண்டைகளும் ஏறக்குறைய இந்த ஒரு நாளின் பெரிய உருவம்.

புதுவை லூர்து

நான் வேலை நிமித்தம் பிரான்சில் லீல் நகரில் சில வருடம் இருந்தேன். நெவ் ஷாப்பெல் அங்கிருந்து பக்கம்தான். இந்தியப் படையினருக்கான நினைவிடம் அங்கே நாற்சந்தியில் இருக்கிறது. வட்டமான சுற்றுச்சுவர், அசோகத் தூண் மாதிரி ஒரு தூண். உடல் கிடைக்காமல் போன 4,700 பேர் வரை பெயர் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள்.

கன்னர் ஐயா சொல்லாமல் விட்ட ஒன்று, நிலம். அந்த ஊரில் நின்று பார்த்தால் எல்லாம் தட்டை. பிரிட்டிஷார் போய்ச் சேர நினைத்த ஓபேர் மேடு எங்கே என்று நான் வரைபடத்தை வைத்துத் தேடினேன். நம்ம ஊர் கண்மாய்க் கரையை விடக் கொஞ்சம் உசரம், அவ்வளவுதான். ஆனால் அதன் மேலிருந்து பார்த்தால் கீழே நடக்கும் ஒவ்வொருவரும் தெரிவார்கள். மேட்டிலிருப்பவன் பீரங்கிக்குக் கண். கீழே இருப்பவன் குருடன்.

இன்னொன்று, அங்கே இரண்டடி தோண்டினால் தண்ணீர் ஊறும். அதனால் பல இடங்களில் அது குழியே இல்லை. மணல் மூட்டையும் மண்ணும் அடுக்கித் தரைக்கு மேல் சுவர் எழுப்பி அதன் பின்னால் இருந்தார்கள். குளிர்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று காலே அழுகிப் போகும். ஜெர்மானியர் 1914 இலையுதிர் காலத்தில் தாங்கள் நிற்க விரும்பிய மேடான, காய்ந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து நின்றார்கள். எதிராளிக்குக் கிடைத்தது மிச்சம்.

பூங்கொடி டீச்சர்

லூர்து சார் சொன்னதோட இன்னொன்றையும் சேர்க்கணும். ஜெர்மானியர் ஏன் நல்ல இடமாப் பார்த்து நிக்க முடிஞ்சது? அவங்க நின்னது அடுத்தவன் நாட்டு மண். தேவைப்பட்டா நாலு கிலோமீட்டர் பின்னால போய் இன்னும் நல்ல மேட்டுல நிக்கலாம், அவங்களுக்கு நஷ்டமில்லை. 1917 ஆரம்பத்துல அதைத்தான் செஞ்சாங்க, ஹிண்டன்பர்க் கோட்டுக்குப் பின்வாங்கினாங்க. பிரான்சு அப்படி ஒரு அடி விட முடியுமா? பெல்ஜியம் கிட்டத்தட்ட முழுசும், பிரான்சோட நிலக்கரி, இரும்பு, துணி ஆலை இருந்த வடக்குப் பகுதி பெருமளவும் எதிரி கையில. எந்த பிரெஞ்சு அரசாங்கமும் "பரவாயில்லை, பீரங்கி சேரட்டும், 1917ல பார்த்துக்கலாம்"னு ஜனங்ககிட்ட சொல்ல முடியாது. தயார் ஆகாமலே தாக்கினதுக்குப் பாதிக் காரணம் இது. மாறன் தம்பி, ஜெனரல் முட்டாள்னு சொல்றது சுலபம். அவங்க காத்திருக்கவே முடியாத இடத்துல இருந்தாங்க.

கன்னர் சார்கிட்ட என் கேள்வி: நெவ் ஷாப்பெல்ல குறை எங்கேன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? ஓரத்துல குண்டு போதலை. அப்புறம் நிறையக் குண்டு போட்டாங்களே, சோம்ல ஏழு நாள் போட்டாங்க. அது ஏன் பலிக்கலை?

ஓய்வுபெற்ற கன்னர்

டீச்சர் மையத்தைத் தொட்டுவிட்டார்.

நெவ் ஷாப்பெல்லில் கற்றிருக்க வேண்டிய பாடம், ஒரு கெஜத்துக்கு எவ்வளவு குண்டு என்பது. அவர்கள் கற்ற பாடம், மொத்தம் எவ்வளவு குண்டு, எத்தனை நாள் என்பது. சோமில் 15 லட்சம் குண்டு. ஆனால் முனை ஏறக்குறைய 25 கிலோமீட்டர், அதோடு முதல் வரிசை மட்டுமல்ல, பின்னால் உள்ள வரிசைகளையும் சேர்த்து அடிக்கச் சொன்னார் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஹெய்க். பிரித்துப் போட்டால் கெஜத்துக்குக் கிடைத்தது நெவ் ஷாப்பெல் அளவுக்குக்கூட வராது. அதில் நிறைய வெடிக்காத குண்டு, பெரும்பகுதி ஷ்ராப்னெல். ஷ்ராப்னெல் என்பது காற்றில் வெடித்து ஈயக் குண்டுகளைக் கீழே தூவுவது. திறந்த வெளியில் நிற்பவனைக் கொல்லும். ஒன்பது மீட்டர் ஆழத்தில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து உட்கார்ந்திருப்பவனை ஒன்றும் செய்யாது. குண்டுமழை நின்றதும் அவன் படியேறி மேலே வந்து துப்பாக்கியை நிறுத்த இரண்டு மூன்று நிமிடம் போதும்.

ஏழு நாள் சுட்டால் இன்னொரு கேடு. எங்கே வரப் போகிறாய் என்று எதிரிக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுகிறாய். அதோடு நிலம் முழுக்கப் பள்ளம். அதில் உன் பீரங்கியை இழுத்துக்கொண்டு நீயே முன்னேற முடியாது. குறைவாகச் சுட்டால் வேலி அறாது, அதிகமாகச் சுட்டால் வழி கெடும். இரண்டுக்கும் நடுவே 1917 வரை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேலியைப் பற்றி ஒரு சின்னத் தகவல். அப்போதைய வெடிகுண்டின் ஃபியூஸ் மண்ணில் புதைந்த பிறகே வெடிக்கும். பள்ளம் விழும், கம்பி மேலே பறந்து அதே இடத்தில் சிக்கலாக விழும். 1917ல் பிரிட்டிஷார் 106ஆம் எண் ஃபியூஸ் கொண்டுவந்தார்கள். கம்பியிலோ தரையிலோ லேசாக உரசினாலே வெடிக்கும். சில்லுகள் தரைமட்டத்தில் பக்கவாட்டில் சிதறிக் கம்பியை அறுக்கும், பள்ளமும் அதிகம் விழாது. விரல் நீளப் பொருள்தான். அது கைக்கு வர இரண்டரை ஆண்டு பிடித்தது.

கதிர்வேல்

ஐயா, இப்போ நல்லாப் புரியுது. ஆனா ஒரு சந்தேகம். டெலிபோன் கம்பி அறுந்தா வயர்லெஸ் இருந்துச்சே அப்போ? அதைத் தூக்கிட்டுப் போகலாமே? அப்புறம் பிரிட்டிஷ்காரன் ஆள் கொண்டுவர எட்டு மணி நேரம் ஆச்சு, ஜெர்மன்காரனுக்கு மட்டும் எப்படி வேகமா ஆச்சு?

ஓய்வுபெற்ற கன்னர்

வயர்லெஸ் இருந்தது. கப்பலில் வைக்கலாம், விமானத்திலிருந்து மோர்ஸில் அனுப்பலாம். ஆனால் ஓடுகிற காலாட்படைவீரன் முதுகில் சுமந்து பேசுகிற கருவி அன்று இல்லை. பெட்டி, பேட்டரி, ஏரியல் என்று பல பேர் தூக்க வேண்டும், ஒரு குண்டுச் சில்லு போதும் அது கெட. டெலிபோன் கம்பியை ஆறடி ஆழத்தில் புதைத்தால் நடுத்தர குண்டுக்குத் தாங்கும். ஆனால் அது நம் டிரெஞ்சு வரைதான். எதிரி டிரெஞ்சுக்குள் போனவன் பின்னால் அவிழ்த்துக்கொண்டு போகும் கம்பி தரைமேல்தான் கிடக்கும். ஆகவே தாக்குதல் வெற்றி பெறப் பெற, தளபதிக்குத் தகவல் குறைந்துகொண்டே போகும். கிளம்புவதற்கு முன்னால்தான் அவருக்கு எல்லாம் தெரியும்.

வேகக் கணக்கு மிகவும் எளிது. காப்பவன் தன் ரயில் பாதையை நோக்கிப் பின்வாங்குகிறான், தாக்குபவன் தன் ரயில் பாதையை விட்டு விலகிப் போகிறான். ஜெர்மானியரின் உதவிப்படை லீலிலோ அதற்கும் தள்ளியோ ரயிலேறி, சண்டைக்குச் சில கிலோமீட்டர் பின்னால் இறங்கி, கெடாத சாலையில் நடந்து வரும். தாக்குபவனின் உதவிப்படை பழைய டிரெஞ்சுகள், வேலி, பள்ளம், பிணம் இவற்றின் நடுவே கால்நடையாகவே ஊர்ந்து வர வேண்டும். அவன் மூன்று கிலோமீட்டர் கடப்பதற்குள் இவன் முப்பது கிலோமீட்டர் தாண்டி வந்து நிற்பான். குதிரைப்படைதான் அன்றைக்கு இருந்த ஒரே விரைவுப்படை. முள்வேலியும் பள்ளமும் இருக்கும் இடத்தில் குதிரை என்ன செய்யும்?

ஜெர்மானியரும் நெவ் ஷாப்பெல்லில் பாடம் கற்றார்கள். 1915லேயே இரண்டாவது வரிசையை இரண்டு மூன்று கிலோமீட்டர் பின்னால், முடிந்த இடத்தில் மேட்டின் மறுபுறச் சரிவில் வெட்ட ஆரம்பித்தார்கள். முதல் வரிசையை அடிக்கும் பீரங்கிக்கு அது எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. செப்டம்பரில் ஷாம்பாங்கில் பிரெஞ்சுக்காரர் முதல் வரிசையை உடைத்து ஓடிப்போய் இந்த இரண்டாவது வேலியில் மோதி நின்றார்கள். தாக்குபவன் ஒன்று கற்றால் காப்பவனும் ஒன்று கற்கிறான். தேக்கம் அவ்வளவு நாள் நீண்டதற்கு இதுவும் ஒரு காரணம். யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

தஞ்சை மாறன்

சரிங்கய்யா, ஆனா கடைசியில டேங்க்தானே உடைச்சுது? 1917 நவம்பர் காம்ப்ரேல 400க்கு மேல டேங்க், முதல் நாளே ஏழெட்டு கிலோமீட்டர். லண்டன்ல சர்ச் மணி அடிச்சுக் கொண்டாடினாங்க. அந்த மெஷினை முன்னாடியே நம்பியிருந்தா நாலு வருஷம் ஆகியிருக்குமா?

ஓய்வுபெற்ற கன்னர்

காம்ப்ரேயில் டேங்க் பெரிய வேலை செய்தது, மறுக்க மாட்டேன். வேலியை நசுக்கியது அதுதான். ஆனால் அன்று காலை நடந்த இன்னொரு புதுமை பீரங்கியுடையது. ஏறக்குறைய ஆயிரம் பீரங்கி, ஒன்றுகூட முன்னால் சோதனைக் குண்டு போடவில்லை. அதுவரை எந்தப் பீரங்கியும் இலக்கைக் கண்டுபிடிக்க முதலில் சில குண்டு போட்டு, எங்கே விழுகிறது என்று பார்த்துத் திருத்தும். அதிலேயே எதிரி உஷாராகிவிடுவான். 1917க்குள் ஒவ்வொரு குழாயும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தனித்தனியாக அளந்தார்கள். காற்று, வெப்பம், குண்டின் எடை எல்லாவற்றுக்கும் திருத்தம் போட்டு, அச்சான வரைபடத்திலிருந்தே கணக்கிட்டுச் சுட்டார்கள்.

எதிரி பீரங்கி எங்கே என்று எப்படித் தெரியும்? நான் வேலை பார்த்த துறையின் தாய் வீடு இதுதான், அதனால் சொல்கிறேன். ஒலியை வைத்து. வரிசையாக ஆறு மைக்ரோஃபோன்களை நிலத்தில் வைத்து, பீரங்கி வெடித்த ஒலி ஒவ்வொன்றையும் வந்தடையும் நேர வித்தியாசத்தைப் பதிவு செய்தால் இடத்தைக் கணக்கிடலாம். லாரன்ஸ் பிராக், நோபல் பரிசு பெற்ற அதே இளம் இயற்பியலாளர், இந்த வேலையில் இருந்தார். சிக்கல் என்னவென்றால் சாதாரண மைக்ரோஃபோன் துப்பாக்கிச் சத்தம், குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தம் எல்லாவற்றையும் பிடிக்கும். பீரங்கியின் தாழ்ந்த, அடித்தொண்டை ஒலி அதில் தொலைந்து போகும். டக்கர் என்பவர் சூடேற்றிய மெல்லிய பிளாட்டினக் கம்பியைப் பயன்படுத்தினார். தாழ்ந்த ஒலி அலை வந்து ஊதும்போது கம்பி குளிர்ந்து மின்தடை மாறும். மேல் சத்தம் அதை அசைக்காது. 1916ல்தான் இது கைகூடியது.

டேங்கின் எல்லையை 1918 ஆகஸ்ட் 8 அமியான் காட்டும். அன்று காலை 400க்கு மேல் டேங்க் கிளம்பியது. மறுநாள் ஓடும் நிலையில் இருந்தவை 145. நான்காம் ஐந்தாம் நாள் ஒற்றை இலக்கத்தில் வந்து நின்றது. குண்டு பட்டது பாதி, எஞ்சின் கெட்டது பாதி. உள்ளே இருந்தவர்கள் எஞ்சின் புகையிலும் வெக்கையிலும் மயங்கி விழுந்தார்கள். நடக்கிற வேகம்தான் அதன் வேகம். அது உள்ளே புகுந்து கொடுக்கும், மறுபக்கம் கொண்டுபோய் விடாது. அமியானில் ஜெர்மானியப் பீரங்கிகள் 530ல் 504ஐ முன்கூட்டியே இடம் குறித்து வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

பூங்கொடி டீச்சர்

அப்போ 1918 மார்ச்ல ஜெர்மானியர் உடைச்சதை எப்படிச் சொல்வீங்க? அவங்ககிட்ட டேங்க் கிட்டத்தட்ட இல்லை.

ஓய்வுபெற்ற கன்னர்

மார்ச் 21. ஐந்து மணி நேரம் மட்டும் குண்டுமழை, 6,000க்கு மேல் பீரங்கி, அதுவும் முன் சோதனை இல்லாமல். முதலில் எதிரியின் பீரங்கிகள், தலைமையகம், டெலிபோன் நிலையம் இவற்றின் மேல் விஷவாயுவும் வெடிகுண்டும். பிறகு சிறு சிறு குழுக்கள் வலுவான இடங்களைச் சுற்றி ஒதுக்கிவிட்டு உள்ளே ஊடுருவின. மூடுபனி கைகொடுத்தது. இரண்டு வாரத்தில் சில இடங்களில் 60 கிலோமீட்டர். மூன்றரை ஆண்டில் யாரும் காணாத தூரம்.

ஆனால் அமியானுக்கு முன்னால் நின்றுபோனார்கள். 1916ல் உழுது போட்ட அதே சோம் பாழ்நிலத்தைத் தாண்டி உணவும் குண்டும் வண்டியில் வர வேண்டியிருந்தது. பீரங்கி பின்தங்கியது. குதிரை போதவில்லை. பசித்த படைவீரர்கள் பிரிட்டிஷ் கிடங்குகளில் நின்று சாப்பிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் ரயிலில் ஆள் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். டிரெஞ்சு உடைந்த பிறகும் காப்பவனின் ரயிலும் தாக்குபவனின் நடைவேகமும் அப்படியே இருந்தன.

புதுவை லூர்து

அப்படியானால் ஆகஸ்டுக்குப் பிறகு நேச நாடுகள் மட்டும் எப்படி நிற்காமல் போயின?

ஓய்வுபெற்ற கன்னர்

நின்றார்கள், அதுதான் விஷயம். அமியானில் நான்காம் நாள் எதிர்ப்பு கடினமானதும் அங்கே நிறுத்திவிட்டார்கள். பீரங்கி எட்டும் தூரத்துக்கு மேல் போகாமல், ஆகஸ்ட் 21ல் வடக்கே வேறு இடத்தில் தாக்கினார்கள். அங்கே நின்றதும் இன்னொரு இடம். ஜெர்மானியரின் உதவிப்படை ஒரு இடத்துக்கு வந்து சேர்வதற்குள் அடி வேறு இடத்தில் விழும். நெவ் ஷாப்பெல் முடிந்த கையோடு ராலின்சன் ஏறக்குறைய இதையே எழுதினார்: ஒரு துண்டைக் கடித்துப் பிடி, அதை வைத்துக்கொள், எதிரி திருப்பித் தாக்கி அழியட்டும். அமியானில் தளபதி அதே ராலின்சன்தான்.

தஞ்சை மாறன்

அய்யா, இதையே 1915ல் அவரே எழுதிட்டாருன்னா மூணு வருஷம் ஏன் செய்யலை? அதனாலதான் நான் ஜெனரலுங்களைச் சொல்றேன். டீச்சர் சொன்ன அரசியல் நெருக்கடியை ஒத்துக்கிறேன். ஆனா சோம்ல அந்த ஆளுக்கே ஹெய்க் சொன்னது "ஆழமாப் போ"ன்னுதானே. தெரிஞ்ச ஆள் வாயை மூடிக்கிட்டுக் கீழ்ப்படிஞ்சதை எப்படி மன்னிக்கிறது?

ஓய்வுபெற்ற கன்னர்

ராலின்சன் இன்னும் உறுதியாக நின்றிருக்க வேண்டும், அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் 1915ல் அந்த முறைக்குத் தேவையான குண்டு இல்லை. அந்த ஆண்டு மே மாதம் குண்டுப் பஞ்சத்தால் லண்டனில் அரசாங்கமே மாறியது. 1918ல் ஒரு இடத்தில் நிறுத்திப் பத்து நாளில் இன்னொரு இடத்தில் தொடங்க, இரண்டு இடத்துக்கும் தனித்தனியாகப் பீரங்கியும் குண்டும் லாரியும் வேண்டும். அது தொழிற்சாலை மூன்று ஆண்டு ஓடிய பிறகு கிடைத்தது.

பூங்கொடி டீச்சர்

நான் இதுல முழுசா ஒத்துப்போகலை சார். 1918 ஆகஸ்ட்ல எதிரே நின்ன ஜெர்மன் படை 1916ல நின்ன படை இல்லை. மார்ச்சிலிருந்து ஜூலை வரைக்கும் அவங்களே தாக்கி நல்ல ஆளுங்களை இழந்துட்டாங்க. முற்றுகையால வீட்டுல பஞ்சம். அமெரிக்கர்கள் மாசாமாசம் லட்சக்கணக்குல வந்து இறங்கினாங்க. அதே பீரங்கி முறையை 1916 ஜெர்மன் படை மேல போட்டிருந்தா பலிச்சிருக்குமா? ஹிண்டன்பர்க் கோட்டை செப்டம்பர் கடைசியில உடைச்சதை நீங்க ஆதாரமாக் காட்டலாம். ஆனா அங்கே கோடு மட்டும்தான் வலுவா இருந்துச்சு, காத்தவங்க களைச்சுப் போயிருந்தாங்க.

ஓய்வுபெற்ற கன்னர்

டீச்சர், அதற்கு 1917 செப்டம்பர், அக்டோபரைப் பார்க்கச் சொல்வேன். ஈப்ருக்குக் கிழக்கே பிரிட்டிஷ் தளபதி ப்ளூமர் நடத்திய மூன்று தாக்குதல், மெனின் சாலை, பாலிகன் காடு, ப்ரூட்சைன்ட. ஒவ்வொன்றும் ஒன்றரை கிலோமீட்டருக்குள், நிலம் காய்ந்திருந்தபோது, எதிரே அப்போதும் தெம்பான ஜெர்மன் படை. மூன்றும் பலித்தன. பிறகு மழை வந்தது, மழையிலும் தொடரச் சொன்னார்கள், பாஷண்டேல் சேறு எல்லாவற்றையும் விழுங்கியது. மழை வராமல் இருந்திருந்தால் நான்காவது, ஐந்தாவது தாக்குதல் எங்கே கொண்டுபோயிருக்கும் என்பதில் இன்றும் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. அந்த மூன்றிலும் பிரிட்டிஷ் பக்கத்துச் சேதம் சேர்த்து ஐம்பதாயிரத்தைத் தாண்டும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

செல்வராணி

கன்னர் ஐயா, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். விளிம்பில் எண் இருக்கிறது, பெயர் பாதி தேய்ந்திருக்கிறது, அதன் பிறகு எஸ், எம் என்ற எழுத்துகள் தெரிகின்றன. ஹன்னாவைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன், அங்கே படம் போடுகிறேன்.